ஊர் சொல்லும் பெயரே உங்கள் வீட்டுக்கும்

கூகுளில் ‘Chettinad’ என்று தட்டினால் கோழிக் குழம்பு வரும், சிமென்ட் வரும், கேளம்பாக்கத்து மருத்துவமனை வரும், எங்கெங்கோ இருக்கிற உணவகங்கள் வரும். காரைக்குடிப் பக்கம் நான்கு அறைகளோடு விருந்தினருக்குக் கதவு திறந்திருக்கும் ஒரு வீடு அந்தக் கூட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் ஐயா காலத்து வீட்டைச் சீர்செய்து ஹோம்ஸ்டே தொடங்க நினைப்பவர்கள் பலருக்கும் முதலில் தோன்றும் பெயர் ‘செட்டிநாடு ஹெரிடேஜ் ஹோம்ஸ்டே’தான். அதில் இருக்கும் மூன்று சொற்களும் பக்கத்துத் தெரு வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். போன வருடம் தங்கிவிட்டுப் போனவர் தன் தங்கையிடம் அந்தப் பெயரைச் சொன்னால், தங்கை வேறு யாருடைய வீட்டிலோ அறை எடுப்பார். பாராட்டு உங்களுக்கு, வரும்படி அடுத்தவருக்கு.

தங்குமிடத்துப் பெயருக்கு இரண்டு வேலைகள் உண்டு. உங்களைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டவர் தட்டச்சு செய்ததும் நீங்கள் வந்து நிற்க வேண்டும். இது முதல் வேலை. யாரென்றே தெரியாமல் ஒரு பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர், உங்கள் பெயரில் ஒரு நொடி நிற்க வேண்டும், இது இரண்டாவது. ‘காரைக்குடி அருகே ஹோம்ஸ்டே’ என்று பொதுவாகத் தேடுகிறவருக்கு உங்களைக் காட்டுவது பெயரின் வேலை இல்லை. அதைக் கூகுள் மூன்று விஷயங்களை வைத்து முடிவு செய்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுகிற இடத்திலிருந்து உள்ள தூரம், நீங்கள் எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. இந்த மூன்றையும் பெயருக்குள் திணிக்கப் போய்த்தான் பலர் பெயரையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வீட்டை வைத்தே பார்ப்போம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீடு. ஆனால் அரண்மனை என்று சொல்லும் அளவு பெரியதில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. வாசலில் இறங்கி இருபது அடி நடந்தால் கல் படிகள் இறங்கும் ஊருணி. கணவன், மனைவி, கணவரின் தாயார் மூவரும் அங்கேயே வசிக்கிறார்கள். நான்கு அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இனி அவர்கள் மனதில் ஓடக்கூடிய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் வருவது வீட்டு விலாசம். நகரத்தார் வீடுகளை ஊரில் முதலெழுத்துகளை வைத்துத்தான் சொல்வார்கள். பாட்டன், முப்பாட்டன் பெயர்களின் சுருக்கம் அது; குடும்பத்துக்குப் பெருமை. ஆனால் வெளியூர்க்காரர் அதைத் தட்டச்சு செய்யும்போது, ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே புள்ளி வைப்பாரா, இடைவெளி விடுவாரா, மூன்றாவது எழுத்து ஒற்றையா இரட்டையா என்று ஒன்றும் தெரியாது. ஒலித்தால் ஒரு படமும் மனதில் எழாது. விலாசத்தை வாசல் கதவுக்கு மேலே, அது இருக்கிற இடத்திலேயே விட்டுவிடலாம்.

அடுத்து ‘ஆச்சி வீடு’. அன்பான பெயர்தான். ஆனால் ‘Aachi’ என்று தேடினால் மசாலாப் பொட்டலங்கள் வந்து குவியும். புகழ்பெற்ற வணிகப் பெயர் ஒன்றின் நிழலில் கடை விரித்தால், தேடலில் மூழ்குவதோடு வக்கீல் நோட்டீஸ் வரும் வாய்ப்பும் சேர்ந்தே வருகிறது.

வீட்டுப் பெண்ணின் பெயரை வைப்பது நல்ல வழி. கானாடுகாத்தானிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய மாளிகை இன்று ‘விசாலம்’ என்ற பெயரில் விடுதியாக நடக்கிறது. ஆங்கிலத்தில் Visalam, ஏழே எழுத்து. தமிழர் எழுதினாலும் பிரெஞ்சுக்காரர் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுவார். சொல்லும்போதே வீட்டின் அகலமும் காதில் விழுகிறது. நம் குடும்பத்திலும் அப்படி ஒரு பெயர் அமைந்தால் தயங்க வேண்டாம். ஆனால் மீனாட்சி, லட்சுமி, வள்ளி என்று எல்லாத் தெருவிலும் இருக்கிற பெயராக இருந்தால் ‘செட்டிநாடு’ தந்த அதே சிக்கல் திரும்ப வரும்.

பாண்டிச்சேரியில் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தமிழர் வீடுகள் நிறைந்த பகுதியில், பெருமாள் கோயில் தெருவில் ஒரு பழைய வீடு ‘மேசோன் பெருமாள்’ ஆகியிருக்கிறது. Maison Perumal: பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். அந்த ஊரின் இரண்டு முகங்களும் இரண்டே சொற்களில் வந்துவிட்டன; தெருவின் பெயரும் உள்ளேயே இருக்கிறது. பெயரைக் கேட்டவர் பாதி வழியைத் தெரிந்துகொண்டவர் ஆகிறார்.

நம் கிராமத்து வீட்டுக்கு வருவோம். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் இறங்கும் விருந்தினரிடம் ஆட்டோக்காரர் “எங்கே போகணும் சார்?” என்று கேட்கிறார். விருந்தினர் ‘செட்டிநாடு ஹெரிடேஜ் ஹோம்ஸ்டே’ என்கிறார். “இங்கே எல்லாமே அதுதானே, எதுன்னு சொல்லுங்க!” பிறகு வீட்டுக்காரருக்குப் போன். அவர் ஆட்டோக்காரரிடம் வழி சொல்கிறார்: “ஊருக்குள்ளே வந்து ஊருணிக்கரை வீடுன்னு கேளுங்கண்ணே, யாரும் சொல்லுவாங்க.”

பெயர் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. ஊர்க்காரர்கள் அந்த வீட்டை ஏற்கெனவே எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் அதன் உண்மையான பெயர். அந்த இடத்தைப் பார்த்து, மற்ற வீடுகளிலிருந்து பிரித்துக் காட்டத் தேவைப்பட்டதால் பிறந்த பெயர் அது. ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தாலும் இவ்வளவு பொருந்துகிற பெயர் கிடைப்பது அரிது என்றே நினைக்கிறேன். கூகுள் வரைபடம் கைவிடும் கடைசி ஒரு கிலோமீட்டரில், சிக்னல் இல்லாத இடத்தில், டீக்கடையில் கேட்டாலும் அந்தப் பெயர் வேலை செய்யும். ஊருணி என்றால் என்னவென்று தெரியாத டெல்லிக்காரருக்கு அதுவே விசாரிக்கத் தூண்டும் சொல். படம் ஒன்றைப் பார்த்ததும் புரிந்துகொள்வார், பிறகு மறக்கமாட்டார்.

ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நிறைந்திருக்கும் ஊருணி, மே மாதத்தில் வற்றிக் களிமண் வெடித்துக் கிடக்கலாம். ‘லேக் வியூ’ என்று பெயர் வைத்திருந்தால் மே மாதத்து விருந்தினர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, வறண்ட குளத்தின் படத்தையும் சேர்த்துப் போடுவார். ‘ஊருணி வீடு’ என்ற பெயர் நீரைக் காட்டுவதாக வாக்குக் கொடுக்கவில்லை. ஊருணி எந்த மாதமும் அங்கேதான் இருக்கிறது. படிகளும் கரை மரமும் மாலையில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பெயரையும் இப்படி வருடத்தின் மோசமான மாதத்தில் நிறுத்திப் பாருங்கள். ‘பேலஸ்’, ‘ரிசார்ட்’, ‘வியூ’ போன்ற சொற்கள் இந்தச் சோதனையில்தான் பெரும்பாலும் விழுகின்றன.

அடுத்து எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பெயர் வைக்கும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். தமிழ்நாட்டுக்குள் இருந்து வருகிறவர்களிலும் பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்கிறார்கள். தமிழ் ஒலிகளுக்கு ஆங்கில எழுத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை என்று ஒன்று இல்லை. 2020இல் தமிழக அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது. எதிர்ப்பும் குழப்பமும் வலுத்ததால் சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசுக்கே இந்த நிலை என்றால் நான்கு அறை வீட்டுக்கு எழுத்து எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஒலிகள் சிக்கல் தரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ‘ழ’ முதல் எதிரி. ‘நிழல்’ என்று பெயர் வைத்தால் ஒருவர் Nizhal என்பார், இன்னொருவர் Nilal என்பார், வடக்கத்தியர் z எழுத்தைப் பார்த்து வேறெப்படியோ வாசிப்பார். ‘ற்ற’ வந்தால் tr எழுதுவதா tt எழுதுவதா என்ற தடுமாற்றம்; ‘கிணற்றடி’ போன்ற அழகான பெயர்கள் இதில்தான் அடிபடுகின்றன. ‘த’வுக்கு t, th, dh மூன்றும் போட்டி. இரட்டிக்கும் மெய்களைப் பாதிப் பேர் ஒற்றையாக்கிவிடுவார்கள். இந்த ஒலிகள் இல்லாத பெயர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

‘ஊருணி’யில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு இடத்தில் பிரிவு வரும். தொடக்கத்தில் Oo போடுவதா U போடுவதா? நடுவில், பேச்சில் ‘ஊரணி’ என்றே பலரும் சொல்வதால் Oorani எழுதுவதா, Ooruni எழுதுவதா? இதை வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது. ஒரு பத்துப் பேருக்குப் போன் செய்து, பெயரை ஒரே ஒரு முறை வாயால் சொல்லி, எழுத்துக்கூட்டிச் சொல்லாமல், வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் பாதிப் பேராவது தமிழ் தெரியாதவர்களாக இருக்கட்டும். அதிகம் பேர் எப்படி எழுதுகிறார்களோ அதுவே உங்கள் எழுத்து. பத்துப் பேரும் பத்து விதமாக எழுதினால் அந்தப் பெயரை மனதார விட்டுவிடுவது நல்லது. நம் வீட்டுக்கு நான் Oorani என்பதையே எடுப்பேன். Urani என்று எழுதினால் வெளிநாட்டவர் ‘யுரானி’ என்று வாசிப்பார். தேடுபொறியும் யுரேனியம் பக்கம் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும்.

பின்னொட்டு என்ன? தமிழ்ப் பலகையில் ‘ஊருணி வீடு’, அதற்குக் கீழே Oorani House. ‘வீடு’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் Veedu, Vidu என்று இன்னொரு சிக்கலாக்க வேண்டியதில்லை. House போட்டால் தங்கும் இடம் என்பதும் தெரிந்துவிடும். ‘ஹோம்ஸ்டே’ என்ற சொல்லைப் பெயருக்குள் வைக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும், விருந்தினர் அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. சென்னையில் இருந்துகொண்டு, காவலாளியிடம் சாவி கொடுத்து வைத்திருக்கும் வீட்டை ஹோம்ஸ்டே என்று அழைத்தால், வீட்டுக்காரரோடு பேசலாம், அடுப்படியை எட்டிப் பார்க்கலாம் என்று ஆசையோடு வருகிறவர் ஏமாந்துபோவார்.

பெயர் முடிவானதும் பலகை எழுதக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில. உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, கூகுள் வரைபடத்தில் அந்தப் பெயரை ஊர்ப் பெயரோடும் ஊர்ப் பெயர் இல்லாமலும் தேடுங்கள். தமிழிலும் ஒரு முறை தேடுங்கள். தொலைதூரத்தில் அதே பெயரில் ஒரு சிறு கடை இருந்தால் பெரிய கேடில்லை. ஐம்பது கிலோமீட்டருக்குள் அதே பெயரில் தங்குமிடம் இருந்தால் வேண்டாம். பிறகு இந்திய வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். தங்குமிடங்களும் உணவகங்களும் 43ஆம் வகுப்பில் வருகின்றன. அந்த எண்ணைக் கொடுத்து, ஒலி ஒத்த பெயர்களையும் சேர்த்தே பாருங்கள். பெயரைப் பதிவு செய்ய விரும்பினால், தனிநபர் இணையவழி விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். ‘செட்டிநாடு ஹோம்ஸ்டே’ போல ஊரையும் தொழிலையும் மட்டுமே சொல்லும் பெயரை, வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் பதிவகம் மறுக்கும். பொதுச் சொல் எல்லோருக்கும் சொந்தம். தேடலில் தொலைந்துபோகும் பெயர்தான் சட்டத்திலும் காப்பாற்ற முடியாத பெயராக இருக்கிறது.

அதே நாளில் இணைய முகவரியையும் இன்ஸ்டாகிராம் பெயரையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக, இடையில் கோடோ எண்ணோ இல்லாமல், ooranihouse என்று நேராக இருக்க வேண்டும். ooranihouse_123 என்றுதான் கிடைக்கிறது என்றால், பலகை எழுதும் முன் பெயரை மாற்றுவது பற்றி யோசிப்பதற்கு அது போதுமான காரணம். ஒருவர் வாயால் சொல்லி இன்னொருவர் தட்டச்சு செய்யும்போது கீழ்க்கோடு எப்போதும் தொலைந்துபோகும்.

பலகை மாட்டிய பிறகுதான் கூகுள் வணிகப் பக்கத்தைத் திறக்க வேண்டும். இடத்தைச் சரிபார்க்கக் கூகுள் இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. தெரு, பலகை, உள்ளே நீங்கள் நிர்வகிப்பதற்கான அடையாளம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். பலகை இல்லாத வீடு இதில் திண்டாடும். பக்கத்தில் கொடுக்கும் பெயர், பலகையில் இருக்கும் பெயராகவே இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. பலரும் இதை மீறி ‘Oorani House – Best Heritage Homestay in Karaikudi Chettinad’ என்று நீட்டுகிறார்கள். கொஞ்ச நாள் பலன் கிடைப்பது போலவும் தோன்றும். போட்டியாளர் ஒருவர் புகார் கொடுத்தால் பெயர் திருத்தப்படும். சில சமயம் பக்கமே முடக்கப்படும், அதுவும் சீசன் நடுவில். நீட்டிச் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன. தங்குமிட வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். விவரப் பகுதியில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி என்று ஊர்களையும், செட்டிநாடு ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். ஊர்ப் பெயர்களை வரைபடம் எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுங்கள். அங்கே உச்சரிப்புத் திருத்தம் செய்யப் போகாதீர்கள்.

ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் தலைப்பு என்பது வேறு. அது வீட்டின் பெயர் இல்லை, ஒரு சின்ன அறிமுகம். ஐம்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும். கைபேசித் திரையில் அதுவும் முழுதாகத் தெரியாது. அதனால் பெயரை முதலில் வைத்து, பிறகு ஒரே ஒரு விவரம் சேருங்கள்: ‘Oorani House, courtyard room by the village tank’. ‘அழகான’, ‘அமைதியான’ போன்ற அடைமொழிகளுக்கு அங்கே இடம் செலவழிப்பது வீண். அமைதி இருக்கிறதா என்று தங்கிப் போனவர்கள் எழுதட்டும். அவர்கள் எழுதினால்தான் நம்புவார்கள்.

இதற்குப் பிறகு கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: எழுத்து மாறக்கூடாது. வரைபடத்தில் Oorani House, முன்பதிவுத் தளத்தில் Urani Veedu, ரசீதில் Ooruni Homestay என்று இருந்தால் மூன்று வீடுகள் மாதிரி ஆகிவிடும். வருகிறவர்கள் எழுதும் மதிப்புரைகளும் மூன்றாகச் சிதறும். அச்சகத்தார், இணையதளம் செய்து தருகிற தம்பி, முன்பதிவுத் தளத்தின் பிரதிநிதி என்று ஒவ்வொருவரும் தனக்குச் சரியென்று பட்ட எழுத்தைப் போடுவார்கள். ஒரு தாளில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மாதம் ஒரு முறை தவறான எழுத்துகளையும் தேடிப் பாருங்கள். நல்லெண்ணத்தில் விருந்தினர் யாராவது Urani House என்று வரைபடத்தில் புதிய இடம் ஒன்றைச் சேர்த்திருந்தால், அது நகல் என்று கூகுளுக்குத் தெரிவிக்கலாம்.

ஏற்கெனவே பொதுப் பெயரில் நடத்திக்கொண்டிருப்பவர்கள் தாமதமாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். தங்கியிருக்கும் விருந்தினர் கிளம்பும்போது, “எங்க வீட்டை உங்க நண்பர்களிடம் எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ‘அந்த ஊருணிக்கரை வீடு’, ‘மாடியில் கண்ணாடி ஜன்னல் இருக்கிற வீடு’ என்று சொல்வார்கள். பலரும் ஒரே மாதிரி சொன்னால் புதிய பெயர் தயார். அதை மாற்றும்போது கூகுளில் புதிய பக்கம் தொடங்காதீர்கள். பழைய பக்கத்தின் உள்ளே போய்ப் பெயரை மட்டும் திருத்துங்கள். கூகுள் மறுபடி சரிபார்க்கக் கேட்கலாம், அதனால் புதிய பலகை முதலில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். சில மாதங்கள் விவரப் பகுதியில் பழைய பெயரையும் ஒரு வரியில் குறிப்பிட்டு வையுங்கள். பழைய இணைய முகவரியையும் புதுப்பித்துக்கொண்டே வந்து, புதியதற்குத் திருப்பிவிடுங்கள். இப்படிச் செய்தால் இத்தனை வருடம் சேர்ந்த மதிப்புரைகள் புதிய பெயருக்குக் கீழே அப்படியே இருக்கும்.